இறுதி மதிப்பும் நிரந்தர வளர்ச்சி அனுமானமும்

பணப்பாய்வுத் தள்ளுபடி முறையில் ஒரு நிறுவனத்தை மதிப்பிடுவோர், முதல் ஐந்து அல்லது பத்து ஆண்டுகளின் பணப்பாய்வைத் தனித்தனியே கணித்துவிட்டு, அதற்குப் பின் வரவிருக்கும் பணம் முழுவதையும் ஒரே தொகையாகச் சுருக்கிச் சேர்க்கின்றனர். டெர்மினல் வேல்யூ எனப்படும் அத்தொகையே இறுதி மதிப்பாகும். பணப்பாய்வு என்பது இங்கு வரியும் மறுமுதலீடும் போக முதலீட்டாளர்களுக்கு எஞ்சும் பணத்தைக் குறிக்கும். அப்பணம் மாறாத வீதத்தில் என்றென்றும் வளரும் என்று கொண்டால், மைரன் கோர்டனின் பெயரால் வழங்கும் சூத்திரம் பொருந்தும்:

```
TV = FCF / (r − g)
```

இதில் FCF கணிப்புக் காலத்தை அடுத்த ஆண்டின் பணப்பாய்வு, r தள்ளுபடி வீதம், g நிரந்தர வளர்ச்சி வீதம்.

முதலாண்டில் 100 கோடி ரூபாய் பணப்பாய்வு ஈட்டி, ஐந்தாம் ஆண்டு வரை ஆண்டுக்கு 8% வளரும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தள்ளுபடி வீதம் 11% எனில், அந்த ஐந்து ஆண்டுப் பணத்தின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 427 கோடி. அதன் பின் வளர்ச்சி 4% என்று வைத்தால் ஆறாம் ஆண்டின் பணப்பாய்வு 141 கோடியாகவும், இறுதி மதிப்பு 2,021 கோடியாகவும், அதன் இன்றைய மதிப்பு 1,200 கோடியாகவும் அமைகின்றன. அதாவது மொத்த மதிப்பான 1,626 கோடியில் முக்கால் பங்கு, எவரும் ஆண்டுவாரியாகக் கணித்திராத காலத்திலிருந்து வருகிறது. வளர்ச்சியை 6% ஆக்கினால், முதல் ஐந்து ஆண்டுகளில் ஒரு ரூபாய்கூட மாறாத நிலையிலும் மொத்தம் 2,138 கோடியாக உயர்கிறது. வகுக்கும் எண் 7 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகச் சுருங்கியதே இந்த 31% ஏற்றத்திற்குப் பெருங்காரணம்.

இக்கணக்கில் உள்ள பிழை பலர் கண்ணுக்குத் தப்புவது. வேகமாக வளர விரும்பும் நிறுவனம் இலாபத்தில் கூடுதல் பங்கை ஆலைகளிலும் சரக்கிலும் மீண்டும் இட்டாக வேண்டும். ஆகவே g உயரும்போது FCF குறைய வேண்டும். ஆறாம் ஆண்டின் வரிக்குப் பிந்தைய இயக்க இலாபம் 222 கோடி என்றும், புதிய முதலீடு தரும் வருவாய் 11% என்றும் கொண்டால், 4% வளர்ச்சிக்கு இலாபத்தில் 36 விழுக்காட்டை மறுமுதலீடு செய்ய வேண்டும். எஞ்சுவது மேற்கண்ட 141 கோடி. 6% வளர்ச்சிக்கோ 55 விழுக்காடு தேவைப்படுவதால் எஞ்சுவது 101 கோடியே. அதை 5 விழுக்காட்டால் வகுத்தால் முன்பிருந்த அதே 2,021 கோடி கிடைக்கிறது. புதிய முதலின் வருவாய் அம்முதலின் செலவுக்குச் சமமாக இருக்கும்போது வளர்ச்சி எம்மதிப்பையும் கூட்டுவதில்லை.

வளர்ச்சி வீதத்தை மறுமுதலீட்டு விகிதத்தால் வகுத்துப் பார்த்தால் பிழை வெளிப்படும்: மறுமுதலீட்டை 36 விழுக்காட்டிலேயே நிறுத்தி 6% வளர்ச்சி காட்டிய முதற்கணக்கு, புதிய முதல் என்றென்றும் 16.5% ஈட்டும் என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறது. போட்டி நிலவும் தொழிலில் அது நிலைக்காது. மேலும், பொருளாதாரத்தின் நீண்டகாலப் பெயரளவு வளர்ச்சியை, அதாவது விலைவாசி உயர்வும் சேர்ந்த வளர்ச்சியை, g மிஞ்சினால் நிறுவனம் ஒருநாள் நாட்டையே விழுங்கிவிடும் என்றாகும். மறுமுதலீட்டு விகிதத்தைக் குறிப்பிடாமல் வளர்ச்சி வீதத்தை மட்டும் தரும் மதிப்பீட்டு அறிக்கை சரிபார்க்க இயலாதது.