சுட்டி எப்போது நகர வேண்டும்? ரவுண்ட்-ராபின் ஆர்பிட்டர் வடிவமைப்பின் வளர்ச்சி

ஒரே பஸ்ஸையோ நினைவகத்தையோ பல சுற்றுகள் ஒரே நேரத்தில் கேட்கும்போது, யாருக்கு அனுமதி என்று தீர்மானிக்கும் சுற்று ஆர்பிட்டர். கேட்டுக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு முறை வராமலே போவதைத் துறையினர் ‘பட்டினி’ என்பர். முறையைச் சுழற்றினாலே பட்டினி நீங்கிவிடாது என்பதும், சுட்டி எந்த நிகழ்வில் நகர்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சங்கிலியிலிருந்து சுழற்சிக்கு

1970இல் வந்த பிடிபி-11 கணினியின் யூனிபஸ்ஸில், ஒரே முன்னுரிமை மட்டத்தில் இருக்கும் கருவிகளிடையே அனுமதிச் சமிக்ஞை கைமாறிச் செல்லும். செயலிக்கு அருகில் இருப்பது அதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் இருப்பவற்றுக்கு அது எட்டாது. 1981இல் அறிவிக்கப்பட்ட விஎம்இ பஸ்ஸில் நான்கு கோரிக்கை மட்டங்களிடையே ரவுண்ட்-ராபின் முறையைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தது. ஆனால் ஒவ்வொரு மட்டத்துக்குள்ளும் பழைய சங்கிலியே நீடித்தது. ஒரே மட்டத்தில் இரண்டு அட்டைகள் இருந்தால், முன்னால் இருப்பது பின்னால் இருப்பதைத் தடுக்க முடிந்தது. மட்டங்களுக்குக் கிடைத்த சமத்துவம் அட்டைகளுக்குக் கிடைக்கவில்லை.

கிளாக்கோடு சுழலும் சுட்டியின் குறை

வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதத் தொடங்குபவருக்கு முதலில் தோன்றும் வழி எளிது: ஒவ்வொரு கிளாக்கிலும் ஒன்று கூடும் எண்ணியை வைத்து, அது காட்டும் இடத்திலிருந்து முதல் கோரிக்கையைத் தேடலாம். 0 முதல் 3 வரை நான்கு கோரிக்கையாளர்கள் இருப்பதாகவும், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் சரியாக 4 கிளாக் ஆவதாகவும் கொள்வோம். முதல் தேர்வின்போது எண்ணி 0இல் இருந்தால், அடுத்த தேர்வு வரும்போது அது முழுச் சுற்றுச் சுற்றி மீண்டும் 0இல் நிற்கும். 0 ஓயாமல் கேட்டால் மற்ற மூவரும் பட்டினிதான். பரிமாற்ற நீளத்தை மாற்றினால் குறை மறைந்துவிடலாம் என்பதால், நீளங்களைத் தற்செயலாகத் தெரிவுசெய்யும் சோதனை இதைத் தவறவிடக்கூடும்.

ஐஸ்லிப் கற்பித்த விதி

1990களில் பிணைய ஸ்விட்சுகளுக்காக நிக் மெக்கியோன் வகுத்த ஐஸ்லிப் முறை, நகர்வை விளைவோடு பிணைத்தது. அங்கே வெளியீட்டு வாயில் அனுமதி தரும். உள்ளீட்டு வாயில் ஏற்கலாம், விடலாம். முந்தைய முறையில் ஏற்பைப் பொருட்படுத்தாமல் சுட்டி நகர்ந்தது. ஐஸ்லிப்பில், முதல் சுற்றில் அனுமதி ஏற்கப்பட்டால் மட்டுமே அது ஏற்றவருக்கு அடுத்த இடத்துக்கு நகரும்.

1999இல் பங்கஜ் குப்தாவும் மெக்கியோனும் இத்தகைய தேர்வுச் சுற்றை விரைவாக்கும் வழிகளை ஆராய்ந்தனர். கடைசி இடத்திலிருந்து முதல் இடத்துக்குச் சமிக்ஞையை நேரே திருப்பிவிட்டால் கூட்டுச் சுற்றில் வளையம் உண்டாகும். தொகுப்புக் கருவிகளும் நேர ஆய்வும் அதைக் கையாளத் திணறும். கோரிக்கைகளை ஒரு மாஸ்க்கால் மறைத்தும் மறைக்காமலும் பார்ப்பது வளையத்தைத் தவிர்க்கும். அவ்வழியின் எளிய வெரிலாக் வடிவம் இது:

```verilog
wire [3:0] mreq = req & mask;
wire [3:0] pick = (|mreq) ? mreq : req;
assign gnt = pick & (~pick + 1'b1);

always @(posedge clk)
  if (rst)              mask <= 4'b1111;
  else if (|gnt && ack) mask <= ~(gnt | (gnt - 1'b1));
```

மூன்றாம் வரி மிகத் தாழ்ந்த கோரிக்கை பிட்டை மட்டும் விட்டுவைக்கிறது. பரிமாற்றம் முடிந்ததை `ack` சொன்னால், அனுமதி பெற்றவருக்கு மேலே உள்ள பிட்டுகள் மட்டும் மாஸ்க்கில் எஞ்சும். 0, 2, 3 ஆகியோர் விடாமல் கேட்பதாகக் கொள்வோம், `req` 1101. முதல் அனுமதி 0001. மாஸ்க் 1110 ஆகும். அடுத்தது 0100, மாஸ்க் 1000. பிறகு 1000, மாஸ்க் 0000. மறைத்த கோரிக்கை வெறுமையாவதால் தேடல் தொடக்கத்துக்குத் திரும்பி, 0 மறுபடி முறை பெறும்.

உறுதியும் அதன் எல்லையும்

காத்திருப்பவரைச் சுட்டி தாண்டுவதில்லை என்பதே இதன் உயிர்நாடி. இடையில் இருப்பவருக்கு அனுமதி கிடைக்கும் ஒவ்வொரு முறையும் சுட்டி அவரை நெருங்குகிறது. ஆகவே N பேரில் ஒருவர் அதிகபட்சம் N−1 பரிமாற்றங்களுக்கே காத்திருப்பார். இதைச் சோதிக்க, ஒருவர் காத்திருக்கையில் மற்றவர்கள் முடிக்கும் பரிமாற்றங்களை எண்ணும் எண்ணியைச் சேர்த்து, அது 3ஐத் தாண்டாது என்று முறைசார் சரிபார்ப்பில் நிறுவலாம். கிளாக்கோடு சுழலும் வடிவம் இச்சோதனையில் தோற்றுவிடும்.

இவ்வுறுதிக்கு நிபந்தனைகள் உண்டு. அனுமதி வரும்வரை கோரிக்கையைக் கைவிடக் கூடாது. அனுமதி பெற்றவர் பரிமாற்றத்தை முடித்தே ஆக வேண்டும். பல கிளாக் நீளும் பரிமாற்றத்தின் நடுவே புதிய கோரிக்கை `gnt`ஐ மாற்றிவிடாதபடி, அதைப் பதிவகத்தில் பூட்டியும் வைக்க வேண்டும். மேலும் இங்கே சமமாவது முறைகளின் எண்ணிக்கை மட்டுமே. ஒருவர் ஒரு முறைக்கு 16 சொற்களும் இன்னொருவர் 1 சொல்லும் அனுப்பினால், பட்டினி இல்லாமலே அலைவரிசை 16:1 எனப் பிரியும். அதைச் சமன்செய்ய எடையிட்ட முறை தேவை.