திரும்பி வராத வினாத்தாள்கள்: 1936 அமெரிக்கத் தேர்தல் கணிப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழின் கணிப்பு ஏன் பொய்த்தது என்று கேட்டால், முறையியல் வகுப்பில் உடனே ஒரு விடை வரும். முகவரிகள் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டன. வசதி படைத்தவர்களே மாதிரியில் இடம்பெற்றார்கள். அவர்கள் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டனை ஆதரித்தார்கள். இந்த விளக்கம் பொய்யன்று. ஆனால் பிழையின் முழுப்பொறுப்பையும் மாதிரிச் சட்டகத்தின் மேல் சுமத்துவது தரவுகளுக்குப் பொருந்தாது. பிழையில் குறைந்தது பாதி, அதுவும் வெற்றி தோல்வியையே தலைகீழாக்கிய பாதி, வினாத்தாளைப் பெற்றும் திருப்பி அனுப்பாதவர்களால் நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதழ் ஏறத்தாழ ஒரு கோடி வாக்குத்தாள்களை அஞ்சலில் அனுப்பியது. திரும்பி வந்தவை 23,76,523. வந்தவற்றில் ரூஸ்வெல்ட்டுக்கு ஏறத்தாழ 41 விழுக்காடு. தேர்தலில் அவர் பெற்றதோ 61. இத்தனை பெரிய மாதிரிக்கு வாய்ப்பாட்டின்படி பிழை வரம்பு 0.1 விழுக்காடுகூட இல்லை. நேர்ந்த பிழை 20. இந்த 20 புள்ளிகளையும் சட்டகத்துக்கும் பதிலளிக்காமைக்கும் எப்படிப் பிரிப்பது என்பதே கேள்வி.

இதற்கு நேரடியாக உதவும் சான்று ஒன்றே. 1937இல் கேலப் நிறுவனம் தன் கணக்கெடுப்பு ஒன்றில், டைஜஸ்ட் வாக்குத்தாள் உங்களுக்கு வந்ததா, திருப்பி அனுப்பினீர்களா, தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்டிருந்தது. அந்தத் தரவை பெவரில் ஸ்கொயர் 1988இல் பகுத்து வெளியிட்டார். தாள் வராதவர்களில் 71 விழுக்காட்டினர் ரூஸ்வெல்ட்டுக்கு வாக்களித்ததாகக் கூறினர். வந்தவர்களில் 55 விழுக்காட்டினர். ஆக, சட்டகம் சாய்ந்திருந்தது உண்மை. ஆனால் அந்தச் சாய்ந்த சட்டகத்துக்குள்ளும் ரூஸ்வெல்ட்டே முன்னிலையில் இருந்தார். தாள் பெற்ற அனைவரும் பதில் அனுப்பியிருந்தால், விழுக்காட்டில் பிழைத்தாலும், வெல்பவர் யார் என்பதை இதழ் சரியாகச் சொல்லியிருக்கும். பதில் அனுப்பியதாகச் சொன்னவர்களிடம் ரூஸ்வெல்ட்டின் பங்கு 48. அனுப்பவில்லை என்றவர்களிடம் 69. காரும் தொலைபேசியும் இரண்டும் வைத்திருந்தவர்களிடையேகூட ரூஸ்வெல்ட் 55 விழுக்காடு பெற்றிருந்தார். பழைய விளக்கத்துக்கு இதைவிடக் கடினமான எண் வேறில்லை.

இந்தச் சான்றை அப்படியே நம்பலாமா? இதில் இரண்டு கோளாறுகள் உள்ளன. தாள் வந்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 780 பேர். அவர்களில் 493 பேர், அதாவது 63 விழுக்காட்டினர், திருப்பி அனுப்பியதாகச் சொன்னார்கள். உண்மையில் திரும்பி வந்ததோ 24 விழுக்காடு. அனுப்பாத பலர் அனுப்பியதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதைக் காட்டி இச்சான்றையே தள்ளிவிடுவோர் உண்டு. நான் இதை எதிர்த்திசையில் வாசிக்கிறேன். அனுப்பாதவர்கள் அனுப்பியவர்களோடு கலந்துவிட்டால் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு மங்கத்தான் செய்யும், பெருகாது. உண்மையில் வந்த தாள்களில் ரூஸ்வெல்ட்டின் பங்கு 48 அன்று, 41 என்பது இதற்குப் பொருந்துகிறது. அப்படியானால் பதிலளிக்காமையின் விளைவு 55க்கும் 48க்கும் இடைப்பட்ட 7 புள்ளியோடு நிற்கவில்லை. 55க்கும் 41க்கும் இடைப்பட்ட 14 வரை போகிறது.

இரண்டாவது கோளாறு, வென்றவருக்கே வாக்களித்ததாகப் பின்னர் சொல்லும் வழக்கம். 1937 தரவை முழுதாகக் கூட்டினால் ரூஸ்வெல்ட்டுக்கு 65 விழுக்காடு வருகிறது. உண்மையைவிட 4 கூடுதல். இந்த மிகை எல்லோரிடமும் ஒரே அளவில் இருந்தது என்று கொண்டால், தாள் பெற்றவர்களின் 55 என்பது 51 ஆகக் குறையும். அப்போது சட்டகத்தால் 61 என்பது 51 ஆனது. பதிலளிக்காமையால் 51 என்பது 41 ஆனது. எனக்குப் பாதகமான இந்தக் கணக்கிலும் இரண்டுக்கும் சரிபாதி வருகிறது. மிகை குழுவுக்குக் குழு மாறியிருக்கலாம். எனவே இந்த எண்களைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

நினைவைச் சாராத சான்றும் ஒன்று உண்டு. சிகாகோவில் இதழ் தொலைபேசிப் பட்டியலை நம்பவில்லை. பதிவான வாக்காளர்களில் மூன்றில் ஒருவருக்குத் தாள் அனுப்பியது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு திரும்பியது. அதில் பாதிக்கு மேல் லேண்டனுக்கு. அந்நகரிலோ ரூஸ்வெல்ட் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றார். இங்கே சட்டகம் வாக்காளர் பட்டியலேதான். பிழையை வேறு எதன் மேல் போடுவது? 1932இல் இதே முறை 1 விழுக்காட்டுக்குள் சரியாகக் கணித்தது, இடையில் வர்க்கப் பிளவு கூடிவிட்டது என்ற மறுப்பு சிகாகோவின் முன் நிற்காது.

சட்டகப் பிழைக்கும் பதிலளிக்காமைக்கும் இடையிலான இந்த வேறுபாடு இன்றைய ஆய்வேட்டில் எங்கே உறைக்கிறது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் காட்டலாம். யமனே வாய்ப்பாடு, n = N/(1+Ne²), e = 0.05 எனில் பெரிய முழுமைத் தொகுதிக்கு 400 என்று தருகிறது. மாணவர் 400 வினாநிரல்களை அனுப்புகிறார், 240 திரும்புகின்றன, 156 பேர், அதாவது 65 விழுக்காட்டினர், ‘ஆம்’ என்கிறார்கள். அறிக்கையில் ‘மாதிரி அளவு 240, பிழை வரம்பு ±6’ என்று வருகிறது. எல்லைகள் என்ற தலைப்பில், மாதிரி சிறியது, ஒரு மாவட்டத்துக்கு மட்டும் உரியது என்று இரண்டு வரிகள். அனுப்பாத 160 பேரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர்கள் அனைவரும் ‘இல்லை’ என்றிருந்தால் 65 என்பது 39 ஆகும். அனைவரும் ‘ஆம்’ என்றிருந்தால் 79. ±6 என்ற வரம்பு இந்த 39-79 இடைவெளியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அனுப்பும் எண்ணிக்கையை 4,000 ஆக்கினாலும், திரும்பும் விகிதம் 60 ஆகவே இருந்தால், இந்த இடைவெளி ஓர் அங்குலமும் குறையாது.

இடைவெளியைக் குறைக்கும் வழி 1946இலேயே ஹான்சனும் ஹர்விட்சும் வகுத்தது. அனுப்பாத 160 பேரில் 40 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து நேரில் சென்று கேட்க வேண்டும். அந்த 40இல் 16 பேர் ‘ஆம்’ என்றால், ஒவ்வொருவரும் நால்வருக்கு நிகர் என்பதால் 64 ஆகிறது. 156 + 64 = 220; 400இல் 55 விழுக்காடு. அஞ்சல் முடிவு 65 என்றது. நாற்பது வீடுகளின் படியேறியதால் பத்துப் புள்ளி திருந்துகிறது. நாற்பதில் சிலர் அப்போதும் மறுப்பார்கள். அந்த எண்ணிக்கையையும் எழுத வேண்டும். இவ்வளவு அலைய முடியாத இடத்தில், முதலில் வந்த பதில்களையும் நினைவூட்டலுக்குப் பின் வந்தவற்றையும் தனித்தனியே அட்டவணையிட்டால், விடை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதாவது தெரியும். அதற்கு ஒவ்வொரு தாளிலும் அது வந்து சேர்ந்த தேதியைக் குறித்துவைக்க வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே செய்யாவிட்டால் பின்னர் மீட்க வழியில்லை.

ஆகவே நெறியாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அனுப்பியது எத்தனை, வந்தது எத்தனை, வராதவர்களைப் பற்றி அறிந்தது என்ன என்ற மூன்றும் இல்லாத கணக்கெடுப்பு அறிக்கையை, அதன் மாதிரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்.