புள்ளிக்காளைக் கடைக்கு வழி

லண்டன் நகரத்தில் 1608-ஆம் ஆண்டு வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. அப்படியிருக்க, புத்தகம் வாங்க வருகிறவருக்கு ஒரு கடைக்காரர் எப்படி வழி சொல்லியிருப்பார்? அந்த வருடம் வெளிவந்த ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தின் முதல் பக்கத்தில் இதற்கு விடை இருக்கிறது. அக்காலத்தில் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தைத் தனியாக அச்சடித்துத் தூண்களிலும் சுவர்களிலும் ஒட்டுவார்கள். அதாவது அதுவே கடையின் விளம்பர நோட்டீஸ்.

நதானியேல் பட்டர் என்ற அந்த வியாபாரி மூன்றே அடையாளங்களில் வழியை முடித்துவிட்டார். முதலாவது, செயின்ட் பால் தேவாலய வளாகம். நகரத்தில் எங்கிருந்தாலும் கண்ணில் படும் உயரமான கட்டடம் அது. யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். ஆனால் அந்த வளாகத்தைச் சுற்றிலும் புத்தகக் கடைகள்தான். எனவே இரண்டாவதாக, செயின்ட் ஆஸ்டின் வாசலுக்குப் பக்கம் என்றார். வளாகத்துக்குப் பல வாசல்கள் உண்டு. இது தென்கிழக்கு மூலையில் இருந்தது. தேட வேண்டிய இடம் ஒரு மூலையாகச் சுருங்கிவிட்டது. கடைசியாக, கடை முன்னால் தொங்கும் பலகையில் புள்ளிக்காளைப் படம். எழுத்துத் தெரியாத வேலைக்காரப் பையனைக் கடைக்கு அனுப்பினாலும் காளையைப் பார்த்து நின்றுவிடுவான்.

இந்த முறையில் ஒரு சிக்கலும் உண்டு. ஊரில் எல்லோரும் சிங்கம், அன்னம், பன்றி என்று ஒரே மாதிரிப் படங்களை மாட்டினால் பலகையை மட்டும் நம்பி வருகிறவர் வேறு கடையில் போய் நிற்பார். இந்தப் பலகைகளின் கூத்தை 1711-இல் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் ஜோசப் அடிசன் நன்றாகவே கேலி செய்தார். பட்டர் வாசலையும் சேர்த்துச் சொன்னதன் பயன் இங்கேதான் தெரிகிறது.

இதில் ஒரு வேடிக்கை. 1619-இல் வில்லியம் ஜாகர்ட் அச்சகத்தில் அதே நாடகத்தை மறுபடி அச்சடித்து, பட்டரின் பெயரையும் 1608 என்ற பழைய ஆண்டையும் போட்டுவிட்டார்கள். ஆண்டு பொய் என்பது 1908-இல் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் எழுதிய கட்டுரைகளில்தான் வெளிப்பட்டது. ஒரே பெயர், ஒரே ஆண்டு போட்ட இரண்டு பதிப்புகளை எப்படிப் பிரித்துச் சொல்வது? போலி ஆண்டு போட்டவர்கள் கடைக்கு வழியை அச்சிடவில்லை! அதனால் அசல் பதிப்புக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயரே 'புள்ளிக்காளைப் பதிப்பு'.

1666-இல் பெருந்தீ அந்தத் தேவாலயத்தையும் சுற்றியிருந்த கடைகளையும் எரித்துவிட்டது. தொங்கும் பலகைகளை அகற்றச் சொல்லி வெஸ்ட்மின்ஸ்டர் பகுதிக்கு 1762-இல் சட்டம் வந்தது. கதவு எண்கள் பரவத் தொடங்கியது அந்தப் பத்தாண்டில்தான்.