தொ, ஷொமா, தொரை

1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட் எல்பில் தோட்டம். அலுவலகத்துக்குள் வந்தவர்கள் "தபே, துவான்" என்று மேலாளர் வாக்கருக்கு மலாயில் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு அவரைச் சுட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் வரக் காரணமான கொலைகளில் அது ஒன்று.

அந்தக் காலத்துத் தோட்டத்தைப் பற்றிய ஆங்கிலக் கதையொன்றைப் பாரசீகத்துக்குக் கொண்டுபோகும் ஈரானிய நண்பர் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. பாரசீகத்தில் 'தொ' நம்ம நீ, 'ஷொமா' நீங்க. அந்தச் சொல்லை விட்டுவிட்டும் தப்பிக்க முடியாது. போறேன்னா 'மீரவி', போறீங்கன்னா 'மீரவீத்'. வினையின் வாலே காட்டிக்கொடுத்துவிடும்.

கதையில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி துரையிடம் கோபமாகக் கூலி கேட்கிறான். கோபம் என்பதால் நண்பர் 'தொ' போட்டிருந்தார். நான் வேண்டாம் என்றேன். நம்ம பெருசுங்க துரையிடம் 'நீங்க'கூடச் சொன்னதில்லை. "தொரை சொன்னா செய்றோம்" என்று படர்க்கையில்தான் பேசினார்கள். கோபத்திலும் ஷொமாவே இருக்கட்டும். வாசகருக்கு அந்த மரியாதைதான் பயத்தைத் தரும். எல்பிலில் கேட்ட வணக்கம் மாதிரி.

மாற வேண்டியது துரையின் பேச்சு. கதை முழுக்க 'தொ' என்றே அதட்டியவர், வேலைநிறுத்தத்தன்று கூட்டத்தின் நடுவே அதே ஆளிடம், ஒரே ஒருமுறை, 'ஷொமா' என்கிறார். ஆங்கிலத்தில் அது தெரியவே தெரியாது.