வாஷிங் மெஷின் துவைக்குது, ஆனா ஸ்பின் ஆகலையா? கியர் பாக்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைச் செக் பண்ணுங்க!

தண்ணீர் சரியாகப் பிடிக்கிறது. துணியையும் நன்றாகத் துவைக்கிறது. ஆனால் கடைசியில் பிழியும் நேரம் வந்தால் மட்டும் டப் சுத்த மாட்டேங்குது. மூடியைத் திறந்து பார்த்தால் துணி எல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே கிடக்கிறது. டாப் லோட் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் பலரும் இந்தப் பிரச்னையைச் சந்தித்திருப்பார்கள்.

மெக்கானிக்கை அழைத்தால், "கியர் பாக்ஸ் போயிடுச்சு சார், மாத்தணும்" என்று பல ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கு சொல்வதும் உண்டு. சில நேரம் அது உண்மையாக இருக்கலாம். ஆனால், சில நூறு ரூபாய் பெல்ட்டோ, மூடிக்கு அடியில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச்சோகூட இதே பிரச்னையைக் கொடுக்கும். எது பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

(இங்கே சொல்வது பெல்ட்டில் ஓடும் ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோட் மெஷின்களுக்கு. மோட்டார் நேரடியாக டப்புக்கு அடியில் இருக்கும் டைரக்ட் டிரைவ் மெஷின்களில் பெல்ட்டே கிடையாது.)

துவைக்கிற மோட்டாரால் ஏன் பிழிய முடியலை?

மெஷினில் இருப்பது ஒரே மோட்டார்தான். துவைக்கும்போது டப்புக்கு அடியில் இருக்கும் தட்டு, அதாவது பல்சேட்டர் மட்டும் இடதும் வலதுமாகச் சுற்றும். அப்போது டப் அசையாமல் இருக்கும்படி பிரேக் பிடித்துக்கொள்ளும். பிழியும்போது பிரேக் விலகி, டப்பும் பல்சேட்டரும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே திசையில் வேகமாகச் சுற்றும்.

இந்த மாற்றத்தைச் செய்வதுதான் கிளட்ச். அது கியர் பாக்ஸோடு சேர்ந்தே இருக்கும். கிளட்ச்சின் லீவரை இழுப்பது டிரெயின் மோட்டார். அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும் வால்வைத் திறப்பதும் பல மாடல்களில் இதே டிரெயின் மோட்டார்தான். ஒரே இழுப்பில் தண்ணீரும் வெளியேறும், டப்பும் பூட்டிக்கொள்ளும்.

ஆக, மெஷின் துவைக்கிறது என்றாலே மோட்டாருக்கு கரண்ட் போகிறது, பெல்ட் அறுந்துபோகவில்லை என்று தெரிந்துவிடும். பிழிவதற்கு மட்டும் தேவைப்படும் விஷயங்களில்தான் கோளாறு இருக்கிறது.

முதல் வேலை: காலி டப்பில் ஸ்பின்

துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். மூடியை மூடி, பேனலில் ஸ்பின் மட்டும் செலக்ட் செய்து ஸ்டார்ட் கொடுங்கள். பக்கத்திலேயே நின்று காது கொடுத்துக் கேளுங்கள். நடப்பதைப் பொறுத்து வழி பிரியும்.

தண்ணீரே வெளியேறவில்லை என்றால் பிரச்னை டிரெயின் பக்கம். டிரெயின் ஹோஸ் மடங்கியிருக்கிறதா, வால்வில் நாணயமோ குழந்தையின் சாக்ஸோ சிக்கியிருக்கிறதா, டிரெயின் மோட்டார் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை மெஷின் ஸ்பின்னுக்குப் போகாது.

காலி டப் நன்றாகச் சுற்றுகிறது, பெட்ஷீட் போட்டால் மட்டும் தடதடவென ஆடி நின்று, மறுபடி தண்ணீர் பிடிக்கிறது என்றால் அது பழுதே இல்லை. துணி ஒரே பக்கம் சேர்ந்ததால் பாலன்ஸ் போயிருக்கிறது. துணியைப் பரப்பிவிட்டு, மெஷினின் நான்கு கால்களும் தரையில் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் வெளியேறுகிறது, ஆனால் காலி டப்பும் சுற்றவில்லை அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது என்றால், பார்க்க வேண்டியவை மூன்று: லிட் சுவிட்ச், கிளட்ச், பெல்ட்.

லிட் சுவிட்ச்: பீப் சத்தம்தான் அடையாளம்

மூடி திறந்திருந்தால் டப் சுற்றக்கூடாது என்பதற்காக வைத்திருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இது. பல மெஷின்களில் மூடி திறந்திருந்தாலும் துவைக்கும், ஸ்பின் மட்டும் ஆகாது. அதனால்தான் இந்த சுவிட்ச் பழுதானால் துவைக்கும்வரை எதுவும் தெரியாது.

மூடியை மூடிய பிறகும், திறந்திருப்பது போலவே மெஷின் பீப் அடித்து நின்றால் சந்தேகம் இந்த சுவிட்ச் மேல்தான். டிஸ்பிளே உள்ள எல்ஜி மெஷின்களில் dE என்று வந்தால் மூடி பிரச்னை, UE என்றால் பாலன்ஸ், OE என்றால் தண்ணீர் வெளியேறவில்லை என்று அர்த்தம். மற்ற நிறுவனங்களில் எழுத்து மாறும், கையேட்டில் இருக்கும்.

சுவிட்ச்சை மாற்றுவதற்கு முன் மூடியைப் பாருங்கள். கீல் உடைந்து மூடி கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றாலே சுவிட்ச் அழுந்தாது. சில மாடல்களில் மூடிக்குள் ஒரு சின்னக் காந்தம் இருக்கும், அது கழன்று விழுந்திருக்கலாம். மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தால் ஸ்பின் ஓடுகிறதா? அப்படியானால் விடை கிடைத்துவிட்டது.

லிவர் வகை சுவிட்ச் என்றால் மல்டிமீட்டரிலும் உறுதி செய்யலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுவிட்ச்சின் இரண்டு வயர்களில் மீட்டரை வைத்தால், அழுத்தும்போது பீப் வர வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை! சிலர் இந்த சுவிட்ச்சின் இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்து, 'டைரக்ட்' கொடுத்துவிடுவார்கள். மெஷின் ஓடும்தான். ஆனால் நிமிடத்துக்குச் சுமார் 700 முறை சுற்றும் டப்புக்குள் ஒரு குழந்தை கையை விட்டாலும் அது நிற்காது. யார் சொன்னாலும் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

கிளட்ச்: 'டக்டக்' சத்தம் வருதா?

இந்த முறை பீப் இல்லை. மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது. ஆனால் டப்புக்குப் பதிலாக பல்சேட்டர் மட்டும் சுற்றுகிறது. அல்லது அடியிலிருந்து 'டக்டக்டக்' என்று பல் சக்கரம் உரசும் சத்தம் வருகிறது. இது கிளட்ச் சரியாகப் பூட்டவில்லை என்பதற்கான அடையாளம்.

துவைக்கும்போது ஒரு கொக்கி, கிளட்ச்சின் பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். டிரெயின் மோட்டார் லீவரை இழுத்ததும் கொக்கி முழுதாக விலக வேண்டும். கம்பி தளர்ந்தோ, லீவரின் திருகு அட்ஜஸ்ட்மெண்ட் மாறியோ இருந்தால் கொக்கி பாதிதான் விலகும். அப்போது கியர் பாக்ஸை மாற்றத் தேவையில்லை, அட்ஜஸ்ட் செய்தாலே போதும்.

இதைப் பார்க்க பிளக்கைப் பிடுங்கி, மெஷினின் பின்பக்க மூடியைக் கழற்ற வேண்டும். லீவரைக் கையால் முழுதாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அடியில் இருக்கும் பெரிய புல்லியை ஸ்பின் திசையில் சுற்றுங்கள். டப்பும் சேர்ந்து சுற்றினால் கிளட்ச் நல்ல நிலையில் இருக்கிறது, இழுப்பில்தான் கோளாறு. கொக்கி முழுதாக விலகியும் புல்லி மட்டும் சுற்றி டப் நின்றால், உள்ளே இருக்கும் கிளட்ச் ஸ்பிரிங் தேய்ந்துவிட்டது. அப்போது மெக்கானிக் சொல்வது சரிதான், கியர் பாக்ஸ் மாற்றித்தான் ஆக வேண்டும். டப்புக்கு அடியில் துருக்கறை, ஸ்பின்னில் 'கரகர' சத்தம் இருந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கி பேரிங் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பெல்ட்: துவைக்கும், ஆனா இழுக்காது

தளர்ந்த பெல்ட் துவைக்கும்போது மட்டும் எப்படி வேலை செய்கிறது? துவைக்கும்போது பல்சேட்டரைச் சில விநாடிகள் அசைத்தால் போதும், சுமை குறைவு. ஆனால் ஸ்பின்னில் ஈரத்துணியோடு கனத்த டப்பை நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் பெல்ட் வழுக்கும். ரப்பர் கருகும் வாசனை, மெஷினுக்கு அடியில் தரையில் கறுப்புத் தூள், இரண்டும் இதன் அடையாளங்கள்.

ஒரு வீட்டில் நடந்தது

எட்டு வருடம் ஓடிய ஆறரை கிலோ மெஷின். துவைத்தது, தண்ணீரை வெளியேற்றியது, ஆனால் துணி பிழியவில்லை. வந்து பார்த்தவர் கியர் பாக்ஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் காலி டப்பில் ஸ்பின் போட்டுப் பார்த்தார். டப் மெதுவாகக் கிளம்பி, கொஞ்ச நேரத்தில் வேகம் பிடித்தது. ஈரத்துணி போட்டதும் திணறியது, ரப்பர் வாசனை வந்தது.

இந்த ஒரே சோதனையில் பாதி விடை கிடைத்துவிட்டது. லிட் சுவிட்ச் பழுதென்றால் காலி டப்பும் சுற்றியிருக்காது. டப் சுற்றியதால் டிரெயின் மோட்டார் இழுக்கிறது, கிளட்ச்சும் பூட்டுகிறது. மிச்சம் இருப்பது பெல்ட்.

பின்பக்க மூடியைத் திறந்தபோது அடித்தட்டு முழுக்கக் கறுப்புத் தூள். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் மூன்று சென்டிமீட்டர் உள்ளே போனது. சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் போக வேண்டும். மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரைக் கொஞ்சம் தள்ளி, பெல்ட்டை இறுக்கி மறுபடி முடுக்கினார். மெஷின் ஓடியது. ஆனால் ஒரு வாரத்தில் மறுபடி அதே பிரச்னை. காரணம், பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி இறுகிப்போயிருந்தது. அப்படி ஆன பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. பழைய பெல்ட்டின் மேல் அச்சிட்டிருந்த நம்பரைக் காட்டி அதே அளவில் புது பெல்ட் வாங்கி மாட்டியதும் பிரச்னை தீர்ந்தது. கியர் பாக்ஸ் கடைசிவரை மாற்றவே இல்லை.

புது பெல்ட்டும் வழுக்கினால்? கியர் பாக்ஸிலிருந்து எண்ணெய் கசிந்து புல்லியில் படிகிறதா என்று பாருங்கள். மோட்டார் 'உம்ம்' என்று முனகி, துவைப்பதும் பலவீனமாக இருந்தால் கெப்பாசிட்டர் காரணமாக இருக்கலாம். கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தேங்கியிருக்கும். அதைத் தொடாமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கை வைக்கும் முன்...

பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்ச்சை ஆஃப் செய்வது மட்டும் போதாது. குழாயை மூடி, உள்ளே இருக்கும் தண்ணீரை முழுதாக வெளியேற்றுங்கள். சாய்க்க வேண்டியிருந்தால் இரண்டு பேர் பிடியுங்கள். பின்மூடி திறந்திருக்கும்போது மெஷினை ஓட்டிப் பார்க்காதீர்கள், பெல்ட்டில் விரல் சிக்கும். வாரண்டி பாக்கி இருந்தால் திறக்காமல் சர்வீஸ் சென்டரை அழைப்பதே நல்லது.

வேலை முடிந்ததும் ஒரு கடைசி சோதனை: ஸ்பின் ஓடும்போது மூடியைத் திறக்க முடிகிற மாடல் என்றால், திறந்து பாருங்கள். கையை உள்ளே விட வேண்டாம். டப் சில விநாடிகளில் நிற்க வேண்டும். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் லிட் சுவிட்ச்சோ பிரேக்கோ சரியில்லை. அதைச் சரிசெய்யும்வரை மெஷினைப் பயன்படுத்தாதீர்கள்.