பெயர் ஒன்று, எழுத்து மூன்று: எமது பத்திரங்களில் ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும்

காங்கேசன்துறை, ஆனையிறவு, பருத்தித்துறை என்ற மூன்று ஊர்களும் நாம் பிறந்து வளர்ந்த மண்ணின் ஊர்கள். ஆனால் ஆங்கிலப் பத்திரம் ஒன்றில் இவை ஏறியபோது மூன்றும் மூன்று வழியிற் சென்றன. காங்கேசன்துறை ஏறத்தாழ அதே ஒலியுடன் ஆங்கில எழுத்துக்கு மாறியது. இது ஒலிபெயர்ப்பு. ஆனையிறவு பொருள் நோக்கி மாறி 'எலிபன்ற் பாஸ்' ஆயிற்று. இது மொழிபெயர்ப்பு. பருத்தித்துறையோ ஒலியாலும் மாறவில்லை, பொருளாலும் மாறவில்லை. போர்த்துக்கேயர் காலத்துப் பெயரொன்றிலிருந்து வந்த 'பொயின்ற் பீற்றோ' என்ற வேறு பெயரே அதற்கு ஆங்கிலத்தில் நிலைத்தது. நெடுந்தீவு ஒல்லாந்தரின் நகரொன்றின் பெயரால் 'டெல்ஃப்ற்' ஆனதும் இவ்வகையே.

ஊரைப் பொறுத்தவரை இது வரலாற்றுச் செய்தி. எம்மைப் பொறுத்தவரை இது வாழ்க்கைப் பிரச்சினை. இலங்கைப் பிறப்புச் சான்றிதழும் கடவுச்சீட்டும் குவிபெக் மாகாணத்தின் பதிவேடும் ஒருவரையே மூன்று ஆட்களாகக் காட்டும்போது, அந்த மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் பொறுப்பு எமது தலையிலேயே விழுகின்றது. எனவே எதை ஒலிபெயர்க்க வேண்டும், எதை மொழிபெயர்க்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை நாமே தெளிந்திருத்தல் நன்று.

முதலில் ஆட்பெயர். ஆட்பெயரை எவரும் மொழிபெயர்ப்பதில்லை. செந்தாமரை என்ற பெண்ணை எந்த அலுவலகமும் தாமரைக்குரிய பிரெஞ்சுச் சொல்லால் அழைப்பதில்லை. ஆனால் ஒலிபெயர்ப்பிலும் ஒரே விடை கிடையாது. தமிழில் 'ச' என்ற ஒரே எழுத்தை ஆங்கிலத்தில் எஸ் என்றும் எஸ்-எச் என்றும் சி-எச் என்றும் எழுதுகிறோம். சண்முகம் என்ற பெயர் தந்தையின் கடவுச்சீட்டில் எஸ்-எச் என்றும் மகனுடையதில் எஸ் என்றும் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ககரம் கே ஆகவோ ஜீ ஆகவோ வரும். டகரம் ரீ ஆகவோ டி ஆகவோ வரும். எழுதிய எழுதுவினைஞரின் காதே இலக்கணமாயிற்று.

இலங்கையின் மொழி வரலாறும் இதிற் கலந்துள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஆங்கிலத்திற் பதியப்பட்ட பெயர்கள் உள்ளன. 1956ஆம் ஆண்டு சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் சிங்களத்திற் பதியப்பட்டவையும், வடக்குக் கிழக்கிலே தமிழிற் பதியப்பட்டவையும் உள்ளன. தமிழும் அரசகரும மொழியாக இருக்கும் என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கூறியது 1987இலேயே. ஆகவே ஒரே குடும்பத்தில் பாட்டனின் பத்திரம் ஆங்கிலத்திலும் பேரனுடையது தமிழிலும் இருக்கக் காண்கிறோம்.

பிரெஞ்சு ஆட்சியின் கீழ்த் தமிழ்ப் பெயர் புகுவது குவிபெக்கில் முதற்றடவையன்று. 1854ஆம் ஆண்டு முதல் குவாதலூப் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் பெயர்களைப் பிரெஞ்சு அலுவலர் தம் காதுக்கேற்ப எழுதினர். பிரெஞ்சில் உகரத்துக்கு இரண்டு எழுத்துகள் வேண்டும். எனவே முத்துசாமி அங்கே 'மூத்தூசமி' என்று வாசிக்கத்தக்க நீண்ட வடிவம் பெற்று, தலைமுறைகளுக்குக் குடும்பப்பெயராகியது. புதுச்சேரியிலோ 1881 செப்டெம்பர் 21ஆம் திகதிய கட்டளை, தமது சாதிவழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றோர் ஒரு குடும்பப்பெயரைத் தெரிவு செய்ய வேண்டும் என்றது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி அப்படித் தெரிந்தெடுத்த பெயர் 'லபோர்த்'. பிரெஞ்சில் அதன் பொருள் வாசல் என்பதாகும். குடும்பப்பெயரில்லாத எம்மைக் குடும்பப்பெயர் கேட்கும் சட்டம் சந்தித்தது அப்போதே.

அந்தச் சந்திப்பின் விளைவை இன்றைய குடும்பமொன்றில் வைத்துப் பார்ப்போம். கந்தையாவின் மகன் சிவலிங்கம் என்று ஒரு கற்பனைப் பெயரை எடுத்துக்கொள்வோம். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஒரு நிரலிலும் தகப்பனின் பெயர் வேறொரு நிரலிலும் இருக்கும். எமது வழக்கில் தகப்பன் பெயர் முன்னே வரும் தலையெழுத்து மாத்திரமே. கனடாவின் படிவமோ குடும்பப்பெயர், இடுபெயர் என்ற இரண்டு கட்டங்களைக் கேட்கும். சிவலிங்கத்தார் கந்தையாவைக் குடும்பப்பெயராகவும் தம்மை இடுபெயராகவும் எழுதுகிறார். அது பிழையன்று. அவருடன் யாழ்ப்பாணத்திற் பிறந்து வந்த மூத்த மகனுக்கோ, அதே வழக்கப்படி, தகப்பன் பெயரான சிவலிங்கம் குடும்பப்பெயராகிறது. அதுவும் பிழையன்று.

பின்னர் மொன்றியலில் இளைய பிள்ளை பிறக்கிறது. குவிபெக் குடிமைச் சட்டக்கோவையின்படி பிள்ளையின் குடும்பப்பெயரைப் பெற்றோரின் குடும்பப்பெயர்களிலிருந்தே எடுக்க வேண்டும். இரண்டையும் இணைக்கவும் இடமுண்டு. தகப்பனின் குடும்பப்பெயர் என்று பதிவானது கந்தையா. எனவே இளையவன் பாட்டனின் பெயரைச் சுமக்கிறான். ஒரு வீட்டில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர். ஒருவன் சிவலிங்கம், மற்றவன் கந்தையா.

தாயின் நிலை இதனிலும் சிக்கலானது. அவர் முருகேசுவின் மகள். இலங்கைக் கடவுச்சீட்டில் கணவன் பெயரைப் பின்னே சேர்த்திருப்பார். குவிபெக்கிலோ 1981 ஏப்பிரல் 2ஆம் திகதி முதல் திருமணமான பெண் தன் பிறப்புப் பெயரையே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே மருத்துவ அட்டையில் முருகேசுவின் மகள், கடவுச்சீட்டில் சிவலிங்கத்தின் மனைவி. தாய் ஒரு பெயர், தகப்பன் ஒரு பெயர், பிள்ளைகள் இரு பெயர் என்று நால்வரும் விமான நிலையத்தில் நிற்கும்போது, பிள்ளை யாருடையது என்ற கேள்வி எழுவது இயல்பு.

இந்த நிலைக்கு மொழிபெயர்ப்பாளர் காரணரல்லர். ஆனால் நிலைமையை அவர் மேலும் கெடுக்க முடியும். தமிழ்ச் சான்றிதழைப் பிரெஞ்சுக்கு மாற்றும்போது, பிரெஞ்சு ஒலிக்கேற்ப முருகேசுவை உகரத்துக்கு இரட்டையெழுத்திட்டு எழுதினால், கடவுச்சீட்டில் ஏலவே உள்ள எழுத்துக்கோப்புடன் அது மோதும். ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒரே எழுத்துகளையே பயன்படுத்துவதால், ஒருமுறை உரோம எழுத்தில் நிலைபெற்ற பெயரை மீண்டும் எழுத்துக்கூட்டத் தேவையில்லை. முதல் உத்தியோகபூர்வ எழுத்துக்கோப்பே செல்லும் என்பதை விதியாகக் கொள்ளுதல் வேண்டும். எனவே சான்றிதழைக் கையளிக்கும்போதே குடும்பத்தார் அனைவரின் பெயர்களும் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதிய ஒரு தாளையும் கொடுக்க வேண்டும். மூலத்தில் உள்ள பெயர் கடவுச்சீட்டிலுள்ளதிலிருந்து உண்மையிலேயே வேறுபட்டால், அதனை மறைத்துத் திருத்தும் அதிகாரம் மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. அவர் உள்ளதை உள்ளபடி எழுதி, வேறுபாட்டைக் குறிப்பாகச் சுட்டலாம். உறவினர் செய்யும் மொழிபெயர்ப்பைக் கனடாவின் குடிவரவுப் பிரிவு ஏற்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

இனி நிறுவனங்களின் பெயர். இங்கே இரண்டும் வேண்டும். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் அவர்களே வைத்துக்கொண்ட ஆங்கிலப் பெயர்கள் உள்ளன. அவற்றையே எழுத வேண்டும், புதிதாக மொழிபெயர்த்தல் தவறு. ஆனால் பெயர் மட்டும் போதாது. இலங்கையில் கல்லூரி என்பது பெரும்பாலும் க.பொ.த. உயர்தரம் வரை கற்பிக்கும் பாடசாலை. குவிபெக்கிலோ அதே சொல், 1967இல் தொடங்கிய சேஜெப் என்னும் உயர்நிலைக்குப் பிந்திய நிறுவனத்தையும் குறிக்கும். கல்வித்தகைமையை ஒப்பிடும் அலுவலர் பெயரைக் கண்டு மட்டத்தைத் தவறாக எண்ணாதிருக்க, பாடசாலையின் தரத்தைக் குறிப்பில் தருதல் வேண்டும். மகாவித்தியாலயம் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பெரிய அறிவாலயம்' என்று சிரிப்புக்கிடமான ஒன்று பிறக்கும். அதனை ஒலிபெயர்த்து, இடைநிலைப் பாடசாலை என்று பக்கத்தில் விளக்குவதே முறை.

அலுவலகங்களின் பெயரிலும் காலத்தைக் கவனிக்க வேண்டும். உதவி அரசாங்க அதிபர் பிரிவு என்றிருந்தது 1992ஆம் ஆண்டின் சட்டத்தின் பின் பிரதேச செயலாளர் பிரிவாயிற்று. பழைய பத்திரத்திற் பழைய பெயரையே பெயர்க்க வேண்டும். தமிழில் இலங்கை என்ற பெயர் என்றும் மாறவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் 1972 மே மாதம் வரை நாடு 'சிலோன்', அதன்பின் 'சிறீலங்கா'. 1960ஆம் ஆண்டுச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் பிந்திய பெயர் நின்றால், கூர்ந்து பார்க்கும் அலுவலர் ஒருவருக்கு அப்பத்திரத்தின் மேலேயே ஐயம் பிறக்கலாம்.

இறுதியாக விலாசம். விலாசம் வாசிப்பவருக்காக அன்று, தபாற்காரருக்காக எழுதப்படுவது. ஆகவே கடிதத்தில் அதனை மொழிபெயர்க்கவே கூடாது. கோயில் வீதி என்று பதிவிலிருந்தால் பெயரை ஒலிபெயர்த்து, பொருளைக் குறிப்பில் தரலாம். அதே வீதிக்கு ஆங்கிலத்தில் 'ரெம்பிள் றோட்' என்ற பெயர் வழங்கினால் அதனையே எழுத வேண்டும். அதை மேலும் பிரெஞ்சாக்கினால், ஊரில் விசாரிக்கச் செல்பவர் இல்லாத வீதியைத் தேடுவார். குவிபெக்கிலும் அவ்வாறே, 1977இல் நிறுவப்பட்ட இடப்பெயர் ஆணையத்தின் பெயர்களே இங்கு உத்தியோகபூர்வமானவை.

எமது புரோசார்ட் இதற்குத் தக்க சான்று. 1958இல் உருவான இந்நகர் அதன் முதல் நகரபிதா ஜோர்ஜ்-ஆன்றி புரோசாரின் பெயரைத் தாங்கியது. நாம் ஈற்றிலே 'ட்' சேர்த்து எழுதுகிறோம். பிரெஞ்சுக்காரர் அந்த எழுத்தை ஒலிப்பதில்லை. பேச்சில் இரண்டும் விளங்கும். ஆனால் இங்கே வீதிகள் பகுதிவாரியாக ஒரே எழுத்திலே தொடங்குகின்றன. பீ எழுத்துப் பகுதி ஒன்று, பி எழுத்துப் பகுதி மற்றொன்று. தமிழில் இரண்டுக்கும் எமக்குள்ளது ஒரே 'ப'. வீதிப் பெயரைத் தமிழெழுத்திற் குறித்து வைத்து, பின்னர் அதைப் பார்த்து ஆங்கில எழுத்தில் எழுதுபவர், ஓர் எழுத்துப் பிசகால் நகரின் மற்றொரு பகுதிக்கே கடிதத்தை அனுப்பிவிடக்கூடும். ஆதலால் விலாசத்தை ஒட்டிய சீட்டிலிருந்து எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பு.

பிழை ஏற்கனவே ஏறிவிட்டதாயின் வழி அடைபட்டுவிடவில்லை. 1994 ஜனவரி முதல் குவிபெக்கிற் குடிமைப்பதிவுப் பணிப்பாளர் இயங்குகிறார். குடிமைச் சட்டக்கோவையின் 58ஆவது உறுப்புரையின்படி, வழங்கும் பெயர் பிறப்புப் பதிவிலுள்ளதுடன் ஒவ்வாதபோதும், பெயர் அந்நிய மூலமுடையதாகவோ உச்சரிக்கவும் எழுதவும் மிகக் கடினமானதாகவோ இருக்கும்போதும், பெயர் மாற்றத்துக்கு அவரிடம் விண்ணப்பிக்கலாம். குறைந்தது ஓராண்டு குவிபெக்கில் வதிந்திருத்தல் அதற்கு வேண்டும். சிவலிங்கத்தார் வீட்டில் மூத்தவனும் இளையவனும் ஒரே குடும்பப்பெயர் பெறவும் இதுவே வழி. ஆனால் ஒன்றை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்: மூவரும் கந்தையாவா, சிவலிங்கமா? மாற்றம் வந்தபின் கடவுச்சீட்டு, பாடசாலைச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம் அனைத்தையும் மாற்ற நேரும். ஆகவே அடுத்த பிள்ளை பிறந்து, 30 நாட்களுக்குள் பதிவுக்குரிய பிரகடனம் செய்யவேண்டிய அந்த வேளை வரும் முன்பே குடும்பத்தினர் இருந்து பேசி முடிவெடுப்பது நலம். அப்போது பாட்டன் பெயரோ தகப்பன் பெயரோ, எதுவாயினும் அது தெரிந்து தேர்ந்ததாக இருக்கும்.