டயரில் வாரம் ஏறிய கதை

பூச்சோங்கில் பழைய டயர் வாங்க இப்போது கடைக்குப் போக வேண்டியதில்லை. பண்டார் புத்ரியில் இருப்பவர் கேட்டால், கின்ராராவில் இருப்பவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிடுகிறார். பூ நன்றாக இருக்கிறது, விலையும் பரவாயில்லை. ஆனால் டயரின் பக்கச் சுவரைக் கிட்ட வைத்து எடுத்த படத்தில்தான் உண்மையான விவரம் இருக்கிறது. பெரோடுவா மைவி காருக்கான ஒரு டயரில் அது இப்படி இருக்கும்:

```
185/55R15 82V
DOT .... .... 3817
```

இந்த இரண்டு வரிகளும் ஒரே காலத்தில், ஒரே ஆளின் யோசனையில் பிறந்தவை அல்ல. அதனால்தான் ஒரே வரியில் மில்லிமீட்டரும் சதவீதமும் அங்குலமும் கலந்து கிடக்கின்றன.

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் 55 சதவீதம். R என்றால் ரேடியல், அதாவது உள்ளே இருக்கும் நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடுகின்றன. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரேடியல் டயருக்கு 1946இல் காப்புரிமை எடுத்த பிரெஞ்சு நிறுவனமான மிஷலின், தன் தொடக்ககால ரேடியல்களில் ரிம்மையும் மில்லிமீட்டரில்தான் சொன்னது. 165-400 என்ற அளவில் பின்பாதி ரிம்மின் விட்டம். ஆனால் உலகத்தின் பெரும்பாலான ரிம்கள் ஏற்கெனவே அங்குலத்தில் வார்க்கப்பட்டிருந்தன. 1975இல் டிஆர்எக்ஸ் என்ற டயரோடு மில்லிமீட்டர் ரிம்மை மிஷலின் மறுபடியும் கொண்டுவந்தது. அந்த டயரை வாங்கினால் அதற்கென்றே செய்த ரிம்மையும் வாங்க வேண்டும். சில கார்களோடு அது நின்றுபோனது. அகலம் மில்லிமீட்டருக்கு மாறியது. ரிம் அங்குலத்திலேயே தங்கிவிட்டது.

கலப்படமாகத் தெரிந்தாலும் கணக்கு சரியாக வரும். 185இல் 55 சதவீதம் 101.75 மி.மீ. சுவர் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு இருப்பதால் 203.5. ரிம் 15 அங்குலம் என்றால் 381. மொத்த விட்டம் 584.5 மி.மீ. அதே மைவியின் விலை குறைந்த வகைக்கு வரும் டயர் 175/65R14. அதற்கும் இதே கணக்கைப் போட்டால் 583.1 வருகிறது. ரிம் ஒரு அங்குலம் பெரிதாகியும் சக்கரத்தின் உயரம் ஒன்றரை மி.மீ. கூட மாறவில்லை. வேகமானி தப்பாகக் காட்டாமல் இருப்பதற்காகத்தான் ரிம் பெரிதாகும்போது சுவரைக் குட்டையாக்குகிறார்கள். விற்பவர் “இதுவும் 15தான், போட்டுக்கலாம்” என்று சொன்னால், முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது இந்தக் கூட்டல்தான்.

அடுத்து வரும் 82 என்பது எடைக் குறியீடு. இதை 82 கிலோ என்றும், மணிக்கு 82 கிலோமீட்டர் என்றும் படிப்பவர்கள் உண்டு. இரண்டும் இல்லை, அது ஒரு பட்டியலில் உள்ள வரிசை எண். பட்டியல் 0இல் தொடங்குகிறது. 0 என்றால் 45 கிலோ, 80 என்றால் 450 கிலோ, 160 என்றால் 4500 கிலோ. எண்பது படி ஏறினால் எடை பத்து மடங்காகிறது. ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் கூடுகிறது. 1870களில் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சார்ல் ரெனார், பலூன்களைக் கட்டும் கயிறுகளின் எண்ணற்ற அளவுகளைச் சில அளவுகளாகக் குறைக்கப் போட்ட கணக்கும் இதே வகைதான்: சமமான கூட்டல் இல்லை, சமமான பெருக்கல். 82க்கு 475 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 1900 கிலோ. காரோ ஏறக்குறைய ஒரு டன். ஆனால் முழு அளவு காற்று அடித்தால்தான் அந்த 475 கிலோவைத் தாங்கும். காற்று இறங்கிய டயரில் எழுத்து மாறாது, தாங்கும் சக்தி மட்டும் குறையும். கடைசியில் உள்ள V, மணிக்கு 240 கி.மீ. வரை போகலாம் என்பதற்கான எழுத்து; T என்றால் 190.

இதுவரை சொன்னவை காருக்குப் பொருந்துமா என்பதைச் சொல்பவை. இரண்டாம் வரியின் கடைசி நான்கு எண்களுக்கு வேறு பிறப்பு. 3817 என்றால் 2017ஆம் ஆண்டின் 38ஆவது வாரம். வாரம் ஞாயிறு தொடங்கிச் சனியில் முடியும். ஆண்டின் முதல் முழு வாரம் 01. 2017இல் ஜனவரி 1ஆம் தேதியே ஞாயிறு. அப்படியானால் இந்த டயர் செப்டம்பர் 17க்கும் 23க்கும் இடையில் அச்சிலிருந்து வெளியே வந்தது.

இன்று இந்த எண்ணை டயரின் வயதைப் பார்க்கத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். ஆனால் வயதைச் சொல்வதற்காக அது பிறக்கவில்லை. அமெரிக்கா 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, கெட்ட டயரை எப்படித் திரும்பப் பெறுவது என்ற கேள்வி எழுந்தது. காருக்குச் சேசிஸ் எண் உண்டு. ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வார்க்கப்படும் டயரில் எதைப் பார்த்து நல்லது, கெட்டது என்று பிரிப்பது? எந்தத் தொழிற்சாலை, எந்த அளவு, எந்த வாரம் என்று ஒவ்வொரு டயரிலும் பொறிக்க வேண்டும் என்ற விதி 1971 மே மாதம் நடப்புக்கு வந்தது. DOT என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கம். அதையடுத்து வரும் முதல் எழுத்துகள் தொழிற்சாலையைக் குறிக்கும்.

திரும்பப் பெறுவதற்காகப் பிறந்த எண் என்று தெரிந்தால், அதன் கோணல்கள் எல்லாம் புரியும். முதல் கோணல், ஆண்டுக்கு ஒரே ஓர் இலக்கம் கொடுத்தது. அப்போதைய குறியில் மூன்று எண்களே இருந்தன: 387 என்றால் ஏழில் முடியும் ஏதோ ஓர் ஆண்டின் 38ஆவது வாரம். ஒரு டயர் பத்து ஆண்டு ஓடும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. திரும்பப் பெறும் வேலைக்கு அது போதும். வயதைச் சொல்லப் போதாது. 1977, 1987, 1997 மூன்றுக்கும் ஒரே எண். தொண்ணூறுகளில் பிறந்தவை என்று காட்டச் சில நிறுவனங்கள் பக்கத்தில் ஒரு சிறு முக்கோணம் போட்டன. 2000இல் ஆண்டு இரண்டு இலக்கமாகி, குறி நான்கு எண்ணானது. இன்றைக்கு மூன்று எண் கொண்ட டயர் கண்ணில் பட்டால் முக்கோணத்தைத் தேடவே வேண்டாம். அதற்குக் குறைந்தது இருபத்தைந்து வயது.

இரண்டாம் கோணல்தான் படம் பார்த்து வாங்குகிறவரை அலைக்கழிப்பது: வாரக் குறி பல டயர்களில் ஒரு பக்கம்தான் இருக்கும். காரணம் அச்சில் இருக்கிறது. பச்சை டயரை இரும்பு அச்சுக்குள் வைத்து, ஏறக்குறைய 10 முதல் 15 நிமிடம் சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைக்கிறார்கள். அப்போதுதான் எழுத்துகள் ரப்பரில் எழும்புகின்றன. அளவும் எடைக் குறியும் மாறாதவை, அச்சிலேயே செதுக்கியிருக்கும். வாரம் மட்டும் ஒரு சிறிய தகடு; ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் அதைக் கழற்றி அடுத்ததைப் பொருத்த வேண்டும். அச்சுக்குக் கீழ்ப்பாதி, மேற்பாதி என்று இரண்டு உண்டு. சூடான மேற்பாதிக்கு அடியில் தலையைக் கொடுத்துத் தகடு மாற்றுவது தொழிலாளிக்கு ஆபத்து. முழுக் குறியையும் ஒரு பக்கத்தில் மட்டும் பொறித்தால் போதும் என்று விதியும் விட்டுக்கொடுத்தது.

அதன் விலை 2000 ஆகஸ்டில் தெரிந்தது. ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை, வேகத்தில் போகும்போதே உரிந்து வண்டிகள் புரண்டன. சாலையில் இருந்ததாக மதிப்பிடப்பட்ட 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. அவற்றில் ஒரு வகை, இல்லினாய் மாநிலத்து டிகேட்டர் தொழிற்சாலையில் செய்ததாக இருந்தால் மட்டும் அந்த அறிவிப்பில் சேரும். அந்தத் தொழிற்சாலையின் குறி VD. வண்டிக்காரர்கள் டயர் ஓரம் குனிந்து DOTக்கு அடுத்து VD இருக்கிறதா என்று தேடினார்கள். பலருடைய டயரில் அந்த எழுத்துகள் உள்பக்கம் திரும்பியிருந்தன; வண்டிக்கு அடியில் படுத்தால்தான் தெரியும். அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்க நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது. அதிலிருந்து பிறந்த விதிப்படி முழுக் குறி ஒரு பக்கத்தில், வெளிப்பக்கம் என்று வரையறுத்த டயராக இருந்தால் அந்தப் பக்கத்தில், இருக்க வேண்டும். மறுபக்கத்தில் வாரத்தை விட்டுவிட்டு மற்றதைப் போட்டால் போதும்.

அதனால்தான் கின்ராராவிலிருந்து வரும் படத்தில் DOTம் சில எழுத்துகளும் இருந்து, நான்கு எண் மட்டும் காணாமல் போகலாம். விற்பவர் மறைக்கிறார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். இரு பக்கமும் ஒரே மாதிரியான டயரை எப்படியும் மாட்டலாம். வாரம் உள்ளே போயிருக்கும். மறுபக்கத்தின் படத்தைக் கேளுங்கள். ஃபிளாஷ் போட்டு நேராக எடுத்தால் கறுப்பில் கறுப்பு மறைந்துவிடும். கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் எழுத்துக்கு நிழல் விழும். இல்லாவிட்டால் சுண்ணாம்புக் கட்டியை லேசாகத் தேய்த்தாலும் போதும். ஐரோப்பிய விதிப்படி செய்து DOT இல்லாமல் வரும் டயரிலும் இந்த நான்கு எண் இருக்கும். முட்டை வடிவக் கட்டம் ஒன்றுக்குள் பெரும்பாலும் தனியாக நிற்கும்.

மலேசியாவில் கிடைக்கும் டயருக்கும் இந்த முறையில் சரிபார்க்க ஒரு வழி உண்டு. பக்கத்திலிருக்கும் ஷா ஆலமில் 1972 முதல் டயர் செய்த குட்இயர் தொழிற்சாலை 2024 ஜூனோடு மூடப்பட்டது. “ஷா ஆலம் சரக்கு, புதுசு” என்று சொல்லி நீட்டும் டயரில் கடைசி இரண்டு எண் 25 என்று இருக்க வழியில்லை. ஒன்று, பேச்சு பொய். இல்லாவிட்டால் டயர் வேறு ஊர்.

வயதைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வாரக் குறி, ரப்பர் வெந்த நாளை மட்டும் சொல்லும். இருட்டான கிடங்கில் கிடந்ததா, பூச்சோங் வெயிலில் திறந்த இடத்தில் காய்ந்ததா என்று அதற்குத் தெரியாது. பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் காற்றோடும் சூட்டோடும் சேர்ந்து இறுகிக்கொண்டேதான் போகும். ஐந்து ஆண்டு தாண்டினால் வருடம் ஒருமுறை சோதிக்கச் சொல்லி, பத்தாம் ஆண்டில் கழற்றச் சொல்கிறார்கள் பெரிய நிறுவனங்கள் சில. பக்கச் சுவரை விரலால் அமுக்கி விரித்தால் நுண்ணிய வெடிப்புகள் தெரிகின்றனவா, பூவின் பள்ளத்து அடியில் கோடு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த 3817ஐ 2026இல் வாங்கினால், பூ முழுசாக இருந்தாலும் மிச்சம் ஓர் ஆண்டுதான்.

வாங்கிய பிறகு படம் எடுத்து வைப்பவர்கள் பெரும்பாலும் கடைசி நான்கு எண்ணை மட்டும் எடுக்கிறார்கள். அது போதாது. ஒரு நிறுவனம் டயரைத் திரும்பக் கேட்டால் இன்ன தொழிற்சாலை, இன்ன வாரத்திலிருந்து இன்ன வாரம் வரை என்றுதான் அறிவிக்கும். DOTஇல் தொடங்கி கடைசி எண் வரை முழு வரியும் உங்கள் படத்தில் இருந்தால், உங்கள் டயர் அந்தப் பட்டியலில் வருகிறதா என்பதை வண்டிக்கு அடியில் படுக்காமலே சொல்லிவிடலாம்.